மஞ்சளைச் சிவக்க வைக்கும் சோப்பு: வறண்ட தோலுக்குச் சோப்பா, சிண்டெட்டா, பாடி வாஷா?

வெள்ளை வேட்டியில் சிந்திய சாம்பார்க் கறையின் மேல் சோப்பைத் தேய்த்தவுடன் மஞ்சள் நிறம் சட்டென்று செந்நிறமாக மாறுவதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்போம். மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைக்கும்போது நிகழ்வதும் அதே மாற்றம்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், கரைசல் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 8ஐத் தாண்டிக் காரமாகும்போது சிவக்கிறது. ஆகவே மஞ்சள் தேய்த்து உலர்த்திய ஒரு வெள்ளைத் துணித்துண்டு இருந்தால், குளியலறையில் இருக்கும் பொருள் காரமா இல்லையா என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் பார்த்துவிடலாம். நான் அப்படிப் பார்த்தேன். வழக்கமான குளியல் சோப்பின் நுரை பட்ட இடம் உடனே சிவந்தது. ‘குழந்தைகளுக்கானது’ என்று அச்சிட்டிருந்த சோப்பும், கண்ணாடி போன்ற கிளிசரின் சோப்பும் அதே போலச் சிவந்தன. பார்வைக்குச் சோப்பு போலவே இருந்தாலும் சோப்பு அல்லாத சிண்டெட் கட்டியும், பாடி வாஷும் பட்ட இடங்கள் மஞ்சளாகவே இருந்தன.

இந்தச் சோதனையைச் செய்ய வைத்தவர் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் வசிக்கும் என் பெரியம்மா. வயது 68. ஒவ்வோர் ஆண்டும் மார்கழி பிறந்தால் அவருடைய முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து, வறண்ட ஏரிப் படுகை போல வெடிப்புக் கோடுகள் விழும்; இரவில் அரிப்பு எடுக்கும்; நகம் பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறக் கோடு நிற்கும். காலை, மாலை இரண்டு வேளையும் சூடான தண்ணீரில், தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் குளிப்பவர் அவர். குளிப்பதற்கு வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர், சமையலுக்கு மட்டும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் என்பது அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகளின் ஏற்பாடு.

சோப்பு ஏன் காரமாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்புகளைக் காஸ்டிக் சோடாவோடு வினைபுரியச் செய்து கிடைக்கும் கொழுப்பமிலங்களின் சோடியம் உப்புதான் சோப்பு. அது நீரில் கரைந்தாலே கரைசலின் பி.எச். 9 முதல் 10.5 வரை போய் நிற்கும். காஸ்டிக் சோடா சிறிதும் மிச்சமில்லாமல், மிகுந்த கவனத்தோடு செய்த சோப்புக்கும் இதே கதிதான். கரைசலில் எலுமிச்சை அமிலத்தைச் சேர்த்து, தோலின் பி.எச். அளவை ஒட்டிய 5.5க்கு இறக்க முயன்றால் சோப்பு மூலக்கூறு தன் சோடியத்தை இழந்து வெறும் கொழுப்பமிலமாகத் திரும்பிவிடும். நுரை அடங்கி, மெழுகுபோல வெள்ளைத் துகள்கள் மிதக்கும். ஆகவே உண்மையான சோப்பாகவும் பி.எச். 5.5 உடையதாகவும் ஒரே பொருள் இருக்க முடியாது. கடையில் ‘பி.எச். 5.5 சோப்பு’ என்று கேட்டு வாங்கும் பொருள், அந்த எண் உண்மையாக இருந்தால், சோப்பே அல்ல.

இந்த இடத்தில் நம் ஊர் உறைகளில் இருக்கும் டி.எஃப்.எம். என்ற எண் பலரைக் குழப்புகிறது. அது மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தர டாய்லெட் சோப்பில் அது 76 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. ‘பேதிங் பார்’ என்று அச்சிட்டவற்றில் 40 விழுக்காடு இருந்தால் போதும். அதிக டி.எஃப்.எம். என்றால் அந்தக் கட்டியில் உண்மையான சோப்பு அதிகம், களிமண் போன்ற நிரப்புப்பொருள் குறைவு என்று பொருள். சோப்பின் தரத்தை அறிய அது உதவும். ஆனால் 76 விழுக்காடு உள்ள சோப்பும் மஞ்சளைச் சிவக்கவே வைக்கும். வறண்ட தோலுக்கு எது ஏற்றது என்று முடிவு செய்ய அந்த எண்ணை மட்டும் நம்புவது, அரிசியின் எடையைப் பார்த்து அதன் சுவையைச் சொல்வது போன்றது.

இனித் தோலின் பக்கம். நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கும். 1928இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷாடே, மார்கியோனினி ஆகிய இருவர் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயரிட்டார்கள். பி.எச். அளவுகோலில் ஓர் எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், 5இல் இருக்கும் தோலின் மேல் 10இல் இருக்கும் சோப்பு நுரையைப் பூசுவது ஒரு இலட்சம் மடங்கு இடைவெளியைச் சந்திப்பதாகும். தோல் இதைத் தாங்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளக் கூடியதுதான். சோப்பைக் கழுவிய பிறகு மேற்பரப்பின் பி.எச். உயர்ந்து, சில மணி நேரத்தில் மெல்லப் பழைய நிலைக்கு வருகிறது. முதியவர்களின் தோலில் அடிப்படை பி.எச். அளவே சற்று உயர்ந்திருக்கும், மீள்வதற்கும் கூடுதல் நேரமாகும். காலையிலும் மாலையிலும் முழு உடம்புக்கும் சோப்புப் போடும் 68 வயதுக்காரருக்கு அந்தச் சில மணி நேரங்கள் சேர்ந்து, நாளின் பெரும்பகுதியாகிவிடுகின்றன.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். தோலின் வெளிப்படலத்தைச் செங்கல் சுவராகக் கொண்டால், இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையில் உள்ள செராமைடு முதலிய கொழுப்புகள் சாந்து. சாந்தைத் தயாரிக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். செங்கற்களைப் பிணைத்திருக்கும் கொக்கிகளை வெட்டி, பழைய செல்களை உதிரச் செய்யும் நொதிகளோ பி.எச். உயர்ந்தால் சுறுசுறுப்பாகும். பி.எச். உயர்வு நீடிக்கும்போது கட்டும் வேலை தளர்கிறது, இடிக்கும் வேலை கூடுகிறது. இதனுடன், காரக் கரைசலில் தோலின் வெளிப்படலம் கூடுதலாக ஊறி உப்புகிறது. அந்த உப்பிய நிலையில் சோப்பு மூலக்கூறுகள் புரதங்களோடு எளிதாக ஒட்டிக்கொள்கின்றன. தோலில் இயல்பாக இருந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், நீரில் கரையக்கூடிய பொருள்கள் கழுவிக்கொண்டு போகின்றன. குளித்து முடித்த சற்று நேரத்தில் தோல் இழுத்துப் பிடிப்பது போலத் தோன்றுவது, ஊறிய படலம் வேகமாக உலர்ந்து சுருங்குவதால்தான். எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவாக உள்ள கெண்டைக்கால் பகுதியில் இது முதலில் தெரிவதில் வியப்பில்லை.

சிண்டெட் என்பது ‘செயற்கைச் சலவைப்பொருள்’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். கட்டி வடிவில் இருந்தாலும் அதில் முதன்மையாக இருப்பது கொழுப்பமிலச் சோடியம் உப்பு அல்ல. பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட். 1957இல் அமெரிக்காவில் டவ் என்ற பெயரில் வெளிவந்த கட்டி இவ்வகையில் புகழ்பெற்றது. இந்த மூலக்கூறு நடுநிலைக்கு அருகில் நிலைத்திருக்கும். கடுமையான காரத்திலும் கடுமையான அமிலத்திலும் உடைந்துவிடும். அதனால் இக்கட்டிகளின் பி.எச். பொதுவாக 5.5 முதல் 7 வரை இருக்கும். இவற்றில் கணிசமான அளவு ஸ்டியரிக் அமிலமும் கலந்திருப்பதால் குளித்தபின் மெல்லிய கொழுப்புப் பூச்சு தோலில் தங்குகிறது. 1979இல் ஃப்ராஷ், கிளிக்மன் என்ற இரு தோல் ஆய்வாளர்கள், சோப்புக் கரைசல்களைச் சிறு கிண்ணங்களில் இட்டு முன்கையில் ஐந்து நாள் கட்டி வைத்துப் பார்க்கும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சந்தையில் இருந்த கட்டிகளுக்குள் எரிச்சலில் பெரிய வேறுபாடு இருப்பதை அது காட்டியது, சிண்டெட் கட்டி மிக மென்மையாக நின்றது. மணிக்கணக்கில் கட்டி வைப்பது நம் குளியலைப் போன்றதன்று என்பதையும் மறக்கக்கூடாது. அந்தச் சோதனை வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காகவே அமைந்தது.

இதுவரை படித்தவர், பி.எச். குறைந்தால் தோலுக்கு நல்லது என்ற முடிவுக்கு வந்திருந்தால் பாடி வாஷ் அவரை ஏமாற்றும். நானும் ஏமாந்தேன். பெரியம்மாவுக்கு முதலில் வாங்கிக் கொடுத்தது 5.5 என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு பாடி வாஷ்தான். மூன்று வாரம் ஆகியும் கால்களில் மாற்றம் தெரியவில்லை. திரவத்தில் பி.எச். அளவைச் சரிசெய்வது உற்பத்தியாளருக்கு மிக எளிது. சிறிது எலுமிச்சை அமிலம் போதும். ஆனால் அழுக்கை எடுக்கும் மூலக்கூறு எது என்பதை அந்த எண் சொல்லாது. சோடியம் லாரில் சல்பேட் பி.எச். 5.5இல் இருந்தாலும் எரிச்சலூட்டும் பொருளே. தோல் மருத்துவ ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்குவதற்குப் பயன்படுவது அதுதான். அதன் உறவான சோடியம் லாரெத் சல்பேட் அதைவிட மென்மையானது. அதோடு கோகாமிடோபுரொப்பில் பீட்டெய்ன் சேர்ந்தால் இன்னும் மென்மையாகும். எனவே புட்டியின் முன்பக்கத்து எண்ணைவிடப் பின்பக்கத்துப் பட்டியலின் முதல் மூன்று நான்கு பெயர்கள் பயனுள்ளவை. அங்கே ‘பொட்டாசியம் கோகோயேட்’, ‘பொட்டாசியம் ஓலியேட்’ போன்றவை முன்னால் இருந்தால் அது திரவ வடிவில் உள்ள சோப்பு. மஞ்சள் துணி அதையும் காட்டிக் கொடுத்துவிடும். கட்டிகளிலும் இதே கண் வேண்டும்: ‘சோடியம் பாமேட்’, ‘சோடியம் பாம் கர்னலேட்’ என்று தொடங்கினால் சோப்பு.

பாடி வாஷ் தோற்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நுரைப்பதற்காக வலைப்பந்து ஒன்றையும் அதனோடு இணைத்து விற்றிருந்தார்கள். பெரியம்மா அதை அரிப்பெடுத்த காலில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையளவு திரவத்தை ஊற்றுவதும், நாரால் தேய்ப்பதும் சேர்ந்தால் எந்த மென்மையான பொருளும் தன் மென்மையை இழக்கும். மேலும், நீர் கலந்த பொருளாதலால் பாடி வாஷில் கிருமி வளராமலிருக்கப் பதனப்பொருள் சேர்த்தாக வேண்டும். அவற்றில் மெத்தில் ஐசோதியசோலினோன் போன்ற சில, ஒவ்வாமைக்குப் பெயர்பெற்றவை. வறட்சியோடு சிவப்புத் திட்டும் நீர்க்கொப்புளமும் வந்தால் அதைப் பி.எச். கணக்கில் வைக்காமல், பொருளை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

அடுத்தது தண்ணீர். வடசென்னையில் இதைத் தவிர்த்துவிட்டு சோப்பைப் பற்றிப் பேச முடியாது. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியது பல பத்தாண்டுகளாக ஆவணப்படுத்தப்பட்ட செய்தி. கடலை ஒட்டிய நம் தெருக்களிலும் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது புதிதல்ல. ஆனால் நாக்கு உணரும் உப்பும், தோலுக்குத் தொல்லை தரும் கடினத்தன்மையும் வேறு வேறு. கடினத்தன்மை என்பது கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனா கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டியால் கடினத்தன்மையைத் தனியாகப் பார்க்கலாம். பெரியம்மா வீட்டு போர் தண்ணீரில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியில்லாதபோது 600 வரை.

அந்த 400 என்ற எண் ஒரு வாளியில் என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 15 லிட்டர் வாளியில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 6 கிராம் கடினத்தன்மை இருக்கிறது. ஒரு கால்சியம் அணு இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும்; மூலக்கூற்று எடைகளைப் பொருத்திப் பார்த்தால் 1 கிராம் கடினத்தன்மை ஏறக்குறைய 6 கிராம் சோப்பை விழுங்கும். அதாவது அந்த ஒரு வாளித் தண்ணீருக்கு ஏறத்தாழ 36 கிராம் சோப்பைத் தின்னும் ஆற்றல் உண்டு. ஒரு குளியலில் கரையும் சோப்பு நாலைந்து கிராம்தான். ஆகவே கழுவும்போது தோலில் எஞ்சியிருக்கும் சோப்பு நுரையோடு ஓடிவிடுவதற்கு முன்பே, அதில் ஒரு பகுதி நீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாறி அங்கேயே படிகிறது. வாளியின் உட்புறத்தில் வழவழப்பாக ஒட்டும் சாம்பல் நிற வளையமும், பெரியம்மாவின் கால்களில் உலர்ந்தபின் தெரிந்த வெண்மையின் ஒரு பகுதியும் அதே பொருள்தான். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது போகாது. ஊற்றும் தண்ணீரே அதைப் படியவைக்கிறது.

மெட்ரோ தண்ணீரில் குளித்துப் பழகாதவர்களுக்கு அதில் ஒரு குறை தெரியும். காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் வடசென்னையின் பல பகுதிகளுக்கு வருகிறது. கடினத்தன்மை குறைந்த இத்தகைய தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்கும், கழுவிய பிறகும் தோல் வழுக்கும். சிண்டெட் கட்டியிலும் அதே வழுக்கல் உண்டு. முதல் வாரம் பெரியம்மா என்னிடம், “எத்தினி சொம்பு ஊத்துனாலும் வழுவழுன்னே கீதுடா, சோப்பு போவவே மாட்டேங்குது” என்று குறைப்பட்டுக்கொண்டார். அத்தனை ஆண்டுகளும் அவர் ‘சுத்தம்’ என்று நினைத்திருந்த கரகரப்பு, கொழுப்பிழந்த தோலின் மேல் படிந்த கால்சியம் சோப்பின் உராய்வு என்பதை ஏற்க அவருக்கு நாளாயிற்று. பலர் சிண்டெட்டைக் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். விலை அடுத்த காரணம்.

கடினநீரில் சிண்டெட் படிவதில்லையா என்றால், முதன்மை மூலக்கூறு பெரிதாகப் படிவதில்லை. ஆனால் பல சிண்டெட் கட்டிகளில் சிறிதளவு உண்மைச் சோப்பும் கலந்திருப்பதால் மெல்லிய படிவு இருக்கும். லாரில் சல்பேட்டுக்கும் விலக்கில்லை: 2018இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், கடினநீரில் கழுவிய தோலில் சோடியம் லாரில் சல்பேட் அதிகமாகத் தங்கியதும், அதனால் எரிச்சல் கூடியதும் தெரிந்தது. மறுபுறம், 2011இல் இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், வீட்டுத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியதால் 12 வாரத்தில் நோயில் கூடுதல் பயன் ஏதும் கிடைக்கவில்லை. ஆகவே பல ஆயிரம் செலவழித்துக் கருவி பொருத்துங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

நாங்கள் செய்தது மலிவானது. முதலில் இரண்டு கால்களையும் ஒப்பிட முடிவு செய்தோம். இடது காலுக்கு அவருடைய பழைய சோப்பு, வலது காலுக்குச் சிண்டெட். இரண்டுக்கும் கைதான், நார் கிடையாது. தண்ணீர் வெதுவெதுப்பு, கடைசி இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ தண்ணீர். துடைத்த ஈரம் உலருவதற்குள் இரண்டு காலிலும் ஒரே அளவு வாசலின். பருவம் மாறினாலோ வாசலின் வேலை செய்தாலோ இரண்டு காலும் சேர்ந்தே மாறும். சோப்பின் பங்கு மட்டும் வேறுபாடாகத் தெரியும் என்பதே எண்ணம். வெளிப்படலம் புதுப்பித்துக்கொள்ள இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால் மூன்று வாரம் காத்திருந்தோம்.

முதல் வாரத்திலேயே இரண்டு கால்களிலும் வெண்படிவு குறைந்தது. அது கடைசிச் சொம்புத் தண்ணீரும் வாசலினும் செய்தது. மூன்றாம் வார முடிவில் நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தபோது இடது காலில் சாம்பல் கோடு நின்றது, வலது காலில் நிற்கவில்லை. இரவு அரிப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்ததாகத்தான் அவர் சொன்னார். எந்தக் காலுக்கு எது என்று அவருக்குத் தெரியும் என்பதால் இதைப் பெரிய ஆய்வாக நான் காட்ட மாட்டேன். ஆனால் வாசலினும் நார் நிறுத்தமும் செய்த வேலை பெரிது, சோப்பை மாற்றியது அதன் மேல் சேர்ந்த சிறிய, தெளிவான பயன் என்ற என் மதிப்பீட்டுக்கு அது இடம் கொடுத்தது.

இடையில் ஒரு சொல். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் வறட்சி போகும் என்பவர்கள் அந்த எண்ணெயை எடுக்க எதைத் தேய்க்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பிசுக்குப் போகும்வரை சோப்பை இருமுறை போட்டால், எண்ணெயோடு தோலின் சொந்தக் கொழுப்பும் போகும். வறண்ட கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டுமென்றால் குளித்த பிறகு ஈரத்தின் மேல் தடவுவதே பொருந்தும்.

காசிமேட்டில் மீன் வெட்டும் உறவினர்களுக்கு இதே ஆலோசனையைச் சொன்னபோது, கவிச்சி போக வேண்டுமே என்றார்கள். அது நியாயமான கேள்வி. மீன் வாடைக்குப் பெரும் காரணமான டிரைமெத்தில் அமீன் ஒரு காரப்பொருள். காரமான சோப்பு அதை அடக்காது. எலுமிச்சைத் தோலோ புளித்தண்ணீரோ அதை உப்பாக மாற்றி, ஆவியாகாமல் செய்துவிடும். அதனால்தான் மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத வாடை ஒரு புளிக் கரைசலில் அடங்குகிறது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் எரியும் என்பதால் அவர்கள் முதலில் கையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பெரியம்மா வீட்டில் இப்போது இரண்டு சோப்புப் பெட்டிகள் இருக்கின்றன. அக்குள், பாதம் போன்ற இடங்களுக்குப் பழைய சோப்பு; மற்ற இடங்களுக்குச் சிண்டெட், அதுவும் காலையில் மட்டும்; மாலையில் வெறும் தண்ணீர்தான். சிண்டெட் கட்டி ஈரத்தில் கிடந்தால் இரண்டே நாளில் குழைந்து பாதி வீணாகும் என்பதால், அதற்கு அடியில் ஓட்டையுள்ள பெட்டி வாங்கி, தண்ணீர் தெறிக்காத மேல்தட்டில் வைத்திருக்கிறார். மெட்ரோ தண்ணீர் வராத நாள்களில் கடைசிச் சொம்புக்கும் போர் தண்ணீர்தான். அந்த நாள்களில் கால்களுக்கு எந்தக் கட்டியையும் போடுவதில்லை.